கல்யாண வீடியோ எடிட் செய்கிறீர்களா? லப்டொப் செத்தாலும் வேலை தப்ப வழி

போன வருடம் ஆவணியில் எடுத்த கல்யாணம் ஒன்று. நல்லூர்ப் பக்கத்து மண்டபம், இரண்டு கமரா, மொத்தம் 210 ஜிபி வீடியோ. பொம்பிளையும் மாப்பிள்ளையும் கனடாவுக்குத் திரும்பிவிட்டார்கள். பொம்பிளையின் அம்மா மட்டும் கிழமைக்கு ஒருதரம் போன் எடுத்து, "தம்பி, வீடியோ முடிஞ்சுதோ?" என்று கேட்பார். மூன்று கிழமை இருந்து எடிட் பண்ணி, தாலி கட்டும் இடத்தைத் தாண்டி வரவேற்பு வரைக்கும் வந்துவிட்டேன். ஒரு நாள் காலையில் லப்டொப்பைத் திறந்தால் கறுப்புத் திரையில் ஒரு வரிதான்: No bootable device.

திருத்துகிற அண்ணை டிஸ்க்கைக் கழற்றி வேறு இரண்டு மெஷினில் போட்டுப் பார்த்தார். "தம்பி, டிஸ்க் இருக்கெண்டே காட்டுதில்லை" என்றார். நான் பெரிதாகப் பதறவில்லை. "வெளி டிஸ்க்கில எல்லாம் கொப்பி இருக்கு அண்ணை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, நண்பனின் லப்டொப்பில் அதைச் செருகினேன். 210 ஜிபியும் இருந்தது. எடிட் பண்ணியது ஒரு வெட்டுக்கூட இல்லை.

அதை எப்படித் தவறவிட்டேன், இப்போது என்ன செய்கிறேன் என்பதுதான் கீழே இருப்பது. நான் பாவிப்பது விண்டோஸும் டாவின்சி ரிசோல்வும். வேறு சொப்ட்வெயார் பாவிப்பவர்களுக்கு 1, 4, 8ஆம் படிகள் கொஞ்சம் மாறும்.

1. உங்கள் வேலை உண்மையில் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள்

ஒரு கல்யாண வீடியோவில் நான்கு வகைச் சாமான் இருக்கிறது. முதலாவது கமராவில் எடுத்த வீடியோ. அளவில் மிகப் பெரியது, ஆனால் எடுத்த நாளுக்குப் பிறகு ஒரு எழுத்துக்கூட மாறாது. இரண்டாவது எடிட் செய்த புரொஜெக்ட். எங்கே வெட்டினேன், எந்தப் பாட்டு, என்ன நிறம் என்ற குறிப்புகள்தான் அது. மிகச் சிறியது, ஆனால் நாளுக்கு நூறு தரம் மாறும். மூன்றாவது பாட்டு, அழைப்பிதழ்ப் படம், எழுத்துரு மாதிரி உதிரிகள். நான்காவது கடைசியில் வெளியே எடுக்கும் வீடியோ.

நான் விட்ட பிழை இரண்டாவதில். ரிசோல்வ் தன் புரொஜெக்டை நீங்கள் வீடியோ வைத்திருக்கும் போல்டரில் பைலாகச் சேமிப்பதில்லை. சி ட்ரைவுக்குள், வழமையாகக் கண்ணில் படாத AppData என்ற போல்டரின் ஆழத்தில், தன்னுடைய ஒரு நூலகத்துக்குள் வைத்துக்கொள்ளும். கல்யாணப் போல்டரை முழுக்க அள்ளி வெளி டிஸ்க்கில் போட்டாலும் புரொஜெக்ட் அதோடு வராது. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. நான்தான் பார்க்கவில்லை. நாலு வருடம் பாவித்தும் அதைத் தேடிப் பார்க்க ஒரு நாளும் தோன்றவில்லை.

ரிசோல்வ் தானாகவே இடைக்கிடை பக்கப் எடுக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அந்த வசதி போட்டிருந்தால் எடுக்கும்தான். Preferences போய், User பக்கத்தில் Project Save and Load என்பதைப் பாருங்கள், எந்த இடத்தில் வைக்கிறது என்று காட்டும். நீங்கள் மாற்றாவிட்டால் அதுவும் அதே லப்டொப்பின் அதே டிஸ்க்தான். கைதவறி ஒரு காட்சியை அழித்துவிட்டால் அது காப்பாற்றும். டிஸ்க் செத்தால் அதுவும் சேர்ந்து சாகும்.

பிரீமியர் பாவிப்பவர்களுக்கு .prproj என்று தனிப் பைல் கண்முன்னே இருக்கும், அதனால் இந்தக் குழி இல்லை. ஆனால் அதன் ஓட்டோ சேவ் போல்டர் வழமையாகப் புரொஜெக்ட் பைலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதை வேறு கொப்பி என்று எண்ணிவிடாதீர்கள்.

2. டிஸ்க் வாங்குவது

இரண்டு வேண்டும். நாலு டிபி ஒன்று வாங்குவதைவிட இரண்டு டிபி இரண்டு வாங்குங்கள். ஒன்று உங்கள் மேசையில், மற்றது வேறு வீட்டில். ஏன் வேறு வீடு என்றால், எங்கள் ஊரில் டிஸ்க் பழுதாவதைவிட வேறு வழிகளிலும் சாமான் போகும். மழைகாலத்து இடி, அறைக்குள் ஏறும் வெள்ளம், களவு. இந்த மூன்றும் மேசையில் இருக்கும் லப்டொப்பையும் அதற்குப் பக்கத்தில் இருக்கும் பக்கப் டிஸ்க்கையும் பிரித்துப் பார்க்காது.

சாதாரண சுழலும் டிஸ்க் போதும். எஸ்எஸ்டி வேகம்தான், ஆனால் விலை கூட. வீடியோவைக் கொண்டுபோய் வைத்துவிட்டு மாதக்கணக்கில் தொடாத வேலைக்கு அவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை. கரண்ட் தனியாகக் கொடுக்கத் தேவையில்லாத, கேபிளாலேயே ஓடும் சின்ன வகையை எடுங்கள். கரண்ட் போகும்போது லப்டொப் பற்றரியில் கொப்பி தொடரும். தனி அடப்டர் வேண்டிய பெரிய வகை என்றால் பாதிக் கொப்பியில் நின்றுவிடும்.

செலவு? நான் யாழ் நகரில் வாங்கியபோது ஒன்று இருபத்தையாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. டொலரோடு சேர்ந்து ஏறி இறங்குவதால் இரண்டு மூன்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். கையைக் கடிக்கிறதுதான். அந்தச் செத்த டிஸ்க்கிலிருந்து எடுத்துத் தரக் கொழும்பில் ஒரு இடத்தில் கேட்டபோது, பார்த்துச் சொல்லவே தனிக் காசு, எடுத்தால் ஒரு லட்சத்துக்கு மேலே, எடுபடும் என்று உறுதி இல்லை என்றார்கள். நான் அனுப்பவில்லை.

மலிவுக்கு இணையத்தில் வரும் "16 டிபி" டிஸ்க், "2 டிபி" பென்ட்ரைவ் பக்கமே போகவேண்டாம். உள்ளே 64 ஜிபி சிப் ஒன்றை வைத்து, கணினிக்கு மட்டும் பெரிய எண்ணைச் சொல்லும்படி செய்திருப்பார்கள். 64 ஜிபி நிறைந்த பிறகும் கொப்பி ஓடுவதுபோலவே காட்டும், பைலின் பெயரும் இருக்கும். திறந்தால் ஒன்றும் இராது. சந்தேகம் வந்தால் H2testw என்ற இலவசச் சொப்ட்வெயாரை ஓடவிடுங்கள். டிஸ்க் முழுவதும் எழுதி, திரும்ப வாசித்து, உண்மை அளவைச் சொல்லும். நேரம் எடுக்கும், இரவில் விட்டுவிட்டுப் படுக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் டிஸ்க்கை NTFS ஆக ஃபோர்மட் செய்யுங்கள். மக் கணினியிலும் எழுதவேண்டும் என்றால் exFAT. FAT32 வேண்டாம், அதில் 4 ஜிபியைவிடப் பெரிய பைல் ஏறாது. கடைசி வீடியோவைப் போடப் போகும்போதுதான் அது தெரியவரும்.

3. கமராவிலிருந்து இறக்கும் இரவு

விழா முடிந்து களைத்து வரும் இரவில்தான் பிழை நடக்கும். எனக்கு ஒரே ஒரு விதி: இரண்டு இடத்தில் கொப்பி இருக்கும்வரை மெமரி கார்டை அழிப்பதில்லை. லப்டொப் ஒன்று, வெளி டிஸ்க் ஒன்று. அடுத்த நாள் சாமத்தியவீடு இருக்கிறது, கார்ட் வேண்டும் என்றால் இன்னொரு கார்ட் வாங்குங்கள்.

இரண்டு கமராவும் ஒரே கொம்பனி என்றால் இன்னொரு குழி இருக்கிறது. இரண்டும் C0001.MP4, C0002.MP4 என்று ஒரே பெயரில் எண்ணிக்கொண்டு போகும். இரண்டையும் ஒரே போல்டரில் கொட்டினால், ஒரே பெயர் பைல் இருக்கிறது, மாற்றவா என்று விண்டோஸ் கேட்கும். நித்திரைத் தூக்கத்தில் ஆம் என்று அழுத்தினால் முதல் கமராவில் எடுத்தது போய்விட்டது. ஆகவே கல்யாணப் போல்டருக்குள் CAM-A, CAM-B என்று முதலே இரண்டு போல்டர் போடுங்கள். கார்டில் இருக்கும் கிளிப்பை மட்டும் பொறுக்காமல் கார்டின் போல்டர் அமைப்பை அப்படியே முழுதாக எடுங்கள்.

கொப்பி முடிந்ததும் கார்டிலும் டிஸ்க்கிலும் போல்டரை வலது கிளிக் செய்து Properties பாருங்கள். பைல்களின் எண்ணிக்கையும் பைட் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். "Size on disk" என்ற வரி வேறுபடும், அதை விடுங்கள். "Size" என்ற வரிதான் முக்கியம். பிறகு கடைசிக் கிளிப்பைத் திறந்து அதன் கடைசி நிமிடத்தை ஓடவிட்டுப் பாருங்கள். நடுவில் நின்ற கொப்பி பெரும்பாலும் அங்கேதான் தெரியும்.

நேரம்: நல்ல யுஎஸ்பி 3 துளையில், செக்கனுக்கு 100 எம்பி அளவில் போனால் 210 ஜிபிக்கு 35 நிமிடம். கார்ட் ரீடர் மெதுவானது என்றால் இன்னும் கூடும். பழைய யுஎஸ்பி 2 துளையில் செருகிவிட்டால் அதே வேலைக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேலே. நான் முதல் மாதம் முழுக்கத் தெரியாமல் பழைய துளையிலேயே செருகிக்கொண்டிருந்தேன், டிஸ்க் சரியில்லை என்று கடைக்காரரோடு வாக்குவாதம் வேறு. உள்ளே நீல நிறம் அல்லது பக்கத்தில் SS என்ற அடையாளம் இருக்கும் துளையைப் பாருங்கள்.

4. ஒவ்வொரு மாலையும் மூன்று நிமிடம்

வீடியோ இனி மாறப்போவதில்லை, அதை மறுபடி மறுபடி கொப்பி பண்ணத் தேவையில்லை. மாறுவது புரொஜெக்ட் மட்டும்தான். அதை இப்படி வெளியே எடுங்கள்.

ரிசோல்வில் Shift+1 அழுத்தினால் Project Manager திறக்கும். உங்கள் புரொஜெக்டின் மேல் வலது கிளிக், Export Project. ஒரு .drp பைல் வரும். எனக்கு மூன்று மணித்தியால வீடியோவுக்குக்கூட அது சில எம்பிதான். ஒவ்வொரு நாளும் பழையதன் மேல் எழுதாமல், பெயரில் திகதியும் சொப்ட்வெயார் பதிப்பும் போடுங்கள்:

```
kalyanam-aavani_2025-09-14_v19.drp
```

பதிப்பு எதற்கு? புதிய ரிசோல்வில் எடுத்த .drp பழைய ரிசோல்வில் திறக்காது. லப்டொப் செத்த அன்று இரவல் வாங்கும் லப்டொப்பில் எந்தப் பதிப்பு இருக்கவேண்டும் என்று இந்தப் பெயர் சொல்லிவிடும்.

திகதி எதற்கு? நேற்று ஒரு பாகத்தைத் தெரியாமல் அழித்துவிட்டு இன்று அதை எடுத்து வைத்தால், உங்களிடம் இருப்பது அழிந்த புரொஜெக்டின் அழகான கொப்பி. பத்து நாள் பைல் தனித்தனியாக இருந்தால் முந்தாநாளுக்குப் போகலாம். பத்துப் பைலும் சேர்ந்தாலும் சில பத்து எம்பிக்குத்தான் வரும்.

இந்தப் பைலை எங்கே வைப்பது? கிளவுடில். அதற்கு 6ஆம் படி.

.drp பைலுக்குள் வீடியோ இல்லை, பாட்டு இல்லை, எழுத்துரு இல்லை. "இந்த வீடியோ டி ட்ரைவில் இந்தப் போல்டரில் இருக்கிறது" என்ற முகவரி மட்டும்தான். அதனால்தான் பாட்டு, படம், எழுத்துரு எல்லாவற்றையும் முதல் நாளே கல்யாணப் போல்டருக்குள் ASSETS என்ற போல்டரில் போட்டுவிட்டுப் பிறகு ரிசோல்வுக்குள் இழுக்கவேண்டும். Downloads போல்டரிலிருந்தும் வட்ஸ்அப் போல்டரிலிருந்தும் நேரே இழுத்த பாட்டு எந்தப் பக்கப்பிலும் வராது.

5. கிழமைக்கு ஒருதரம் வெளி டிஸ்க்குக்கு

கையால் இழுத்துப் போடுவதில் மறதி வரும். விண்டோஸுடனேயே வரும் ரோபோகொப்பி இதற்கு நல்லது, காசும் இல்லை. கீழே இருப்பதை நோட்பேடில் ஒட்டி, backup.bat என்ற பெயரில் சேமித்தால் இரட்டைக் கிளிக் செய்யலாம்.

```
robocopy "D:\Projects" "E:\Projects" /E /XD CacheClip /R:2 /W:5 /LOG:"D:\backup-log.txt"
pause
```

D:, E: என்பவற்றை உங்கள் மெஷினுக்கு ஏற்ப மாற்றுங்கள். /E என்றால் உள்ளே இருக்கும் எல்லாப் போல்டரும். /XD CacheClip என்றால் ரிசோல்வ் தன் வசதிக்கு உண்டாக்கும் தற்காலிகப் பைல்களை விட்டுவிடு. அவை சிலவேளை வீடியோவைவிடப் பெரிதாக இருக்கும், தேவைப்பட்டால் திரும்ப உண்டாக்கிக்கொள்ளலாம். /R:2 /W:5 இல்லாவிட்டால், கொப்பியாகாத ஒரு பைலை 30 செக்கனுக்கு ஒருதரம் பத்து லட்சம் தரம் முயன்றுகொண்டு நிற்கும். அதுதான் அதன் இயல்பு நிலை. நான் விடிய எழும்பிப் பார்த்தபோது இரவு முழுக்க ஒரே பைலில் நின்றிருந்தது.

இணையத்தில் தேடினால் பலர் /MIR என்று போடச் சொல்வார்கள். வேண்டாம். அது இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல ஆக்கும், அதாவது லப்டொப்பில் இல்லாததை வெளி டிஸ்க்கிலும் அழித்துவிடும். இடம் போதாமல் முடிந்த கல்யாணம் ஒன்றை லப்டொப்பிலிருந்து அழித்துவிட்டு இதை ஓடவிட்டால், உங்களிடம் இருந்த கடைசிக் கொப்பியும் போகும். D:, E: எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டால் கதை இன்னும் மோசம்.

ஓடி முடிந்ததும் backup-log.txt இன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். Files என்ற வரியில் FAILED என்ற நிரல் 0 ஆக இருக்கவேண்டும். வேறு எண் இருந்தால் மேலே ERROR என்று தேடுங்கள், எந்தப் பைல் என்று சொல்லும். பெரும்பாலும் ரிசோல்வை மூடாமல் ஓடவிட்டதால் வருவது. ஒரே பைல் ஒவ்வொரு கிழமையும் தோற்றால் டிஸ்க்கில் கோளாறு. CrystalDiskInfo என்ற இலவசச் சொப்ட்வெயாரில் Good என்று நீலமாக இருக்கவேண்டியது Caution என்று மஞ்சளாகக் காட்டும். மஞ்சள் கண்டால் அன்றைக்கே வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

கழற்றும்போது Eject செய்துவிட்டுக் கழற்றுங்கள். கொப்பி முடிந்ததும் டிஸ்க்கைச் செருகியபடியே விடவேண்டாம். மெஷினில் வைரஸ் வந்து பைல்களைப் பூட்டினால் செருகி இருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டும்.

6. கிளவுடில் எது, எது இல்லை

முதலில் உங்கள் அப்லோட் வேகத்தை அளந்து பாருங்கள். டவுன்லோட் எண்ணைப் பார்த்து ஏமாறவேண்டாம். என் வீட்டில் அப்லோட் 5 எம்பிபிஎஸ், அதாவது செக்கனுக்கு 5 மெகாபிட். எட்டால் பிரித்தால் செக்கனுக்கு 0.6 எம்பி அளவுதான். 210 ஜிபியை அந்த வேகத்தில் ஏற்றினால் 93 மணித்தியாலம், இடைவிடாமல் கிட்டத்தட்ட நாலு நாள். எங்கள் கரண்டையும் லைனையும் நம்பி அதைத் தொடங்கமுடியாது. ஏற்றுவதும் உங்கள் டேட்டாவிலிருந்தே கழியும்.

அதே வேகத்தில் 4 எம்பி .drp பைல் ஏழு செக்கனில் போகும். ஒன்றரை ஜிபி ASSETS போல்டர் 40 நிமிடம். 8 ஜிபி கடைசி வீடியோ மூன்றரை மணித்தியாலம். எனவே கிளவுடுக்கு இந்த மூன்றும்தான். சில பெக்கேஜ்களில் நள்ளிரவுக்குப் பிறகு தனி டேட்டா இருக்கும். இருந்தால் கடைசி வீடியோவை அந்த நேரத்துக்கு விடுங்கள்.

கூகுள் கணக்கில் 15 ஜிபி இலவசம், ஆனால் அது ஜிமெயிலுக்கும் கூகுள் போட்டோஸுக்கும் சேர்த்து. போன் படங்கள் நிறைந்திருந்தால் உங்களுக்கு இரண்டு ஜிபிகூட மிஞ்சாது. மெயிலும் வராமல் நின்றுவிடும். தொழிலுக்கென்று தனிக் கணக்கு ஒன்று திறப்பதுதான் சுகம். வன்ட்ரைவ் 5 ஜிபி, ட்ரொப்பொக்ஸ் 2 ஜிபி இலவசம். .drp பைல்களுக்கு இரண்டு ஜிபியே வருடக்கணக்குக்குக் காணும்.

கூகுள் ட்ரைவை லப்டொப்பில் நிறுவி, புரொஜெக்ட் எடுத்து வைக்கும் போல்டரை மட்டும் இணையுங்கள். இங்கே கவனிக்கவேண்டியது, இது இருபக்கமும் ஒன்றாக வைத்திருக்கும் ஏற்பாடு. லப்டொப்பில் அழித்தால் கிளவுடிலும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதற்குள் எடுக்கலாம், பிறகு முடியாது. கிளவுடில் இருக்கிறதுதானே என்று இடம் காலியாக்க லப்டொப்பில் அழித்த நண்பன் ஒருவன் இருக்கிறான். இரண்டு மாதம் கழித்துத்தான் தேடினான்.

7. ஒரு கடித உறை

லப்டொப்புக்குள் வைக்கக்கூடாத, கடதாசியில் இருக்கவேண்டிய சில உண்டு. எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு அடையாள அட்டை, பாஸ்போர்ட் வைக்கும் இடத்தில் வையுங்கள்.

டிஸ்க்கின் பில்லும் வொரண்டி அட்டையும். பில்லில் டிஸ்க்கின் சீரியல் இலக்கம் எழுதியிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள், பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள். வொரண்டியில் புதுடிஸ்க் தருவார்கள், உள்ளே இருந்ததைத் தரமாட்டார்கள். பழையதையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதை மறக்கவேண்டாம், அதற்குள் ஒருவர் வீட்டுக் கல்யாணம் இருக்கிறது.

அடுத்தது பிட்லொக்கர் திறப்பு எண். புதிய லப்டொப் பலவற்றில் மைக்ரோசொப்ட் கணக்கால் உள்ளே போனதும் டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டுவிடும். தினமும் பாவிக்கும்போது தெரியாது. மதர்போர்ட் பழுதாகி, நல்ல நிலையில் இருக்கும் டிஸ்க்கை வேறு மெஷினில் போடும்போது 48 இலக்க எண் கேட்கும். அது இல்லாவிட்டால் டிஸ்க் நன்றாக இருந்தும் பிரயோசனம் இல்லை. Command Prompt ஐ Run as administrator என்று திறந்து இதை அடியுங்கள்:

```
manage-bde -protectors -get C:
```

Numerical Password என்பதன் கீழே எண் வந்தால் எழுதி வையுங்கள். டி ட்ரைவும் இருந்தால் C: க்குப் பதில் D: போட்டு மறுபடி.

கடைசியாக, கூகுள் கணக்கின் பக்கப் கோட்கள். இரண்டு படிப் பாதுகாப்புப் போட்டிருந்தால் புது மெஷினில் நுழைய உங்கள் போனுக்குக் கேள்வி வரும். லப்டொப்பும் போனும் ஒரே பையில் களவு போனால்? கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் 8 இலக்கக் கோட்கள் பத்துத் தரும். அவற்றை அச்சடித்து உறைக்குள் போடுங்கள்.

8. ஒருதரம் செத்தது மாதிரி நடியுங்கள்

இதை நான் செய்திருந்தால் முதல் நாளே என் குறை தெரிந்திருக்கும். நண்பனின் லப்டொப்பை ஒரு மாலைக்கு இரவல் வாங்குங்கள். உங்கள் லப்டொப்பைத் தொடாமல், வெளி டிஸ்க்கையும் கிளவுட் பைலையும் மட்டும் வைத்து எடிட்டைத் திறக்கப் பாருங்கள். Project Manager இல் வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து Import Project கொடுத்து .drp ஐ எடுங்கள்.

திறந்ததும் எல்லாக் கிளிப்பும் சிவப்பாக Media Offline என்று நிற்கும். பயப்படவேண்டாம், முகவரி மாறியிருக்கிறது. கிளிப்களைத் தெரிந்து, வலது கிளிக் செய்து Relink Selected Clips கொடுத்து, வெளி டிஸ்க்கின் போல்டரைக் காட்டினால் தானே பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகும் சிவப்பாக நிற்பவைதான் உங்கள் பக்கப்பில் இல்லாதவை. எனக்கு அப்படி நின்றது நாதஸ்வரப் பாட்டு ஒன்றும் அழைப்பிதழ்ப் படமும். இரண்டும் Downloads போல்டரிலிருந்து வந்தவை.

இன்னொன்றும் தெரிந்தது. தலைப்பில் பெயர்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ நின்றது. நாங்கள் எல்லாரும் பாவிப்பது பாமினி மாதிரி பழைய எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் "அம்மா" என்பது mk;kh என்றுதான் தெரியும். எழுத்துருப் பைலை நிறுவினால் சரி. அதனால் இப்போது என் ASSETS போல்டருக்குள் FONTS என்று ஒன்று இருக்கிறது, பாவித்த எழுத்துரு எல்லாம் அதற்குள்.

9. டிஸ்க் ஏற்கனவே இழுபறி என்றால்

லப்டொப் வழமையைவிட மெதுவாகித் திறக்கிறது, ஒரே பைலில் கொப்பி நிற்கிறது, டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறது என்றால் ஸ்கான் பண்ணித் திருத்தப் போகாதீர்கள். சாகப்போகும் டிஸ்க்கை இன்னும் ஓடவைப்பதுதான் அது. முதலில் .drp ஐ எடுத்து மெயிலில் உங்களுக்கே அனுப்புங்கள். பிறகு ASSETS. கார்டில் இன்னும் வீடியோ இருந்தால் டிஸ்க்கில் இருக்கும் 210 ஜிபிக்கு நேரம் செலவழிக்கவேண்டாம். சுழலும் டிஸ்க் சத்தம் போட்டால் நிறுத்திவிடுங்கள். எஸ்எஸ்டி பெரும்பாலும் சத்தமே போடாது, என்னுடையது மாதிரி ஒரு காலையில் இல்லாமல் போகும்.

அந்த ஆவணிக் கல்யாணத்தைப் புதிதாகத் தொடங்கி, பகலிரவாக இருந்து பதினேழு நாளில் முடித்தேன். கிளிப் எல்லாம் மனப்பாடம் என்பதால் முதல்தரத்தைவிடக் கெதியாகப் போனது. பொம்பிளையின் அம்மாவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "தாலி கட்டினது இருக்குத்தானே தம்பி?" என்றார்.

இரண்டாவது டிஸ்க் இப்போது சுன்னாகத்தில் சின்னம்மா வீட்டு அலுமாரியில், கூறைச்சேலைக்குக் கீழே, பொலித்தீனுக்குள் சிலிக்கா ஜெல் பைக்கற்றோடு இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு சாப்பிடப் போகும்போது மேசையில் இருப்பதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அங்கிருப்பதை எடுத்து வருகிறேன்.